பால் கக்குவது எப்போது சாதாரணம், எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைகள் மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். எடை பார்க்கும் மேசைக்குப் பக்கத்தில்தான் என் நாற்காலி. அதனால் டாக்டரிடம் கேட்க வேண்டிய பாதிக் கேள்விகள் முதலில் என்னிடம்தான் வருகின்றன. பால் கக்குவதைப் பற்றித் திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

"குடிச்ச ஒவ்வொரு தடவையும் கக்கிடுறான். இது நார்மலா?"

பெரும்பாலும் ஆமாம். உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு வளையத் தசை இருக்கிறது. அது அவ்வப்போது சில நொடிகள் தளர்ந்து திறக்கும், நமக்கும்தான். ஆனால் நாம் உட்கார்ந்து சோறு சாப்பிடுகிறோம், நம் உணவுக்குழாயும் நீளம். கைக்குழந்தை முழுக்க முழுக்கத் திரவத்தைக் குடித்துவிட்டுப் படுத்தே கிடக்கிறது, குழாயோ ஒரு சாண்கூடக் கிடையாது. தசை திறந்ததும் பால் வாய்வரை வந்துவிடுகிறது. அவ்வளவுதான்.

முதல் 3 மாதங்களில் ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் தினம் ஒருமுறையாவது கக்குகின்றன. 4ஆம் மாதம் இது உச்சத்துக்குப் போகும், மூன்றில் இரண்டு குழந்தைகள் என்ற அளவுக்கு. அப்புறம் உட்கார ஆரம்பித்து, கெட்டி உணவும் சாப்பிடத் தொடங்கியதும் தானாகக் குறைந்து, ஒரு வயதை நெருங்கும்போது இருபதில் ஒரு குழந்தைதான் இன்னும் கக்கிக்கொண்டிருக்கும். ஆகவே 2 மாதத்தில் இருந்ததைவிட 4 மாதத்தில் அதிகமாகக் கக்கினால் "நோய் முற்றுகிறது" என்று பயப்பட வேண்டாம், அந்த வயதின் போக்கே அப்படித்தான்.

"கக்கல், வாந்தி, ரிஃப்ளக்ஸ்னு டாக்டர் மாத்தி மாத்திச் சொல்றார். என்ன வித்தியாசம்?"

கக்கலில் முயற்சி இருக்காது. தோளில் கிடக்கும் குழந்தையின் கடைவாயில் பால் வழியும், அல்லது ஏப்பத்தோடு ஒரு வாய் வெளியே வரும். குழந்தை அதைக் கண்டுகொள்ளாது, அடுத்த நொடியே சிரிக்கும். வாந்தியில் வயிறு இறுகி உந்தித் தள்ளும், குழந்தையின் முகமே மாறிவிடும்.

ரிஃப்ளக்ஸ் என்றால் இரைப்பையில் இருப்பது மேலே ஏறுவது, எதுக்களிப்பது. அந்த வகையில் கக்கலும் ரிஃப்ளக்ஸ்தான். அதே எதுக்களிப்பு குழந்தைக்குக் கெடுதல் செய்ய ஆரம்பித்தால்தான் அதை ரிஃப்ளக்ஸ் நோய் என்பார்கள். எடை ஏறாமல் நிற்பது, பசியோடு வாய் வைத்து இரண்டு வாய் குடித்ததும் அலறி விலகுவது, கக்கியதில் ரத்தம் தெரிவது, பால் மூச்சுக்குழாய்க்குள் போய்த் திரும்பத் திரும்பச் சளிக்காய்ச்சல் வருவது, இப்படி.

தயிர் மாதிரி திரிந்து வருவது நோய் இல்லை. பால் இரைப்பை அமிலத்தில் கொஞ்ச நேரம் இருந்தால் திரியத்தானே செய்யும்! குடித்த உடனே கக்கினால் பாலாக வரும், அரை மணி கழித்துக் கக்கினால் தயிராக வரும். வெறும் அழுகையை வைத்தும் ரிஃப்ளக்ஸ் நோய் என்று முடிவு கட்ட முடியாது. 6 வாரக் குழந்தை சாயங்காலம் அழுவதற்கு எத்தனையோ காரணம் உண்டு.

"குடிச்சது மொத்தமும் வெளிய வந்துடுது, வயித்துல எதுவுமே தங்கல."

இதைச் சொல்லாத பாட்டி இல்லை. வீட்டில் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். 3 டீஸ்பூன், அதாவது 15 மி.லி. பாலை ஒரு துண்டில் ஊற்றுங்கள். அது பரவுகிற பரப்பைப் பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். துணி நனைவதை வைத்துக் கணக்குப் போட்டால் எப்போதும் கூடுதலாகத்தான் தோன்றும்.

எடைதான் நம்பகமான கணக்கு. முதல் 3 மாதங்களில் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். பிறந்த சில நாட்களில் கொஞ்சம் குறைந்தாலும் 2 வாரத்துக்குள் பிறப்பு எடையைத் தொட்டுவிட வேண்டும். 6, 10, 14 வாரத் தடுப்பூசிக்கு வரும்போது தாய் சேய் நல அட்டையில் எடையை எழுதச் சொல்லி, அதை வளர்ச்சிக் கோட்டில் வைத்துப் பாருங்கள். ஒரே எடை மெஷினில், துணி இல்லாமல் பார்த்தால்தான் ஒப்பிட முடியும். கோடு ஏறிக்கொண்டே போய், ஒரு நாளைக்கு 6 முறையாவது சிறுநீர் போய், முழித்திருக்கும்போது குழந்தை சுறுசுறுப்பாக இருந்தால் வயிற்றில் வேண்டிய அளவு தங்குகிறது. உங்களுக்குத் துணி துவைக்கும் வேலைதான் கூடுதல்.

"புட்டிப்பால்தான் கொடுக்கிறோம், எடையும் நல்லா இருக்கு, ஆனா நாள் முழுக்கக் கக்குறா. என்ன பண்ணலாம்?"

முதலில் ஒரு நாளைக்கு எவ்வளவு போகிறது என்று கூட்டிப் பாருங்கள். சமீபத்தில் வந்த ஒரு 10 வாரப் பெண் குழந்தையின் கணக்கைச் சொல்கிறேன். பிறந்தபோது 3.1 கிலோ, அன்றைக்கு 5.5 கிலோ. 70 நாளில் 2.4 கிலோ, நாளுக்குச் சுமார் 34 கிராம், அதாவது நன்றாகவே ஏறியிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் கக்கல், வீட்டில் எல்லாருக்கும் கலக்கம், ஏற்கெனவே இரண்டு சொட்டு மருந்து மாற்றியாகிவிட்டது.

ஒரு தடவைக்கு 150 மி.லி., நாளைக்கு 8 தடவை என்றார்கள். 1200 மி.லி.! இந்த வயதில் கிலோவுக்கு 150 மி.லி. போதும், 5.5 கிலோவுக்கு 825 மி.லி. இந்தக் குழந்தைக்குக் கிலோவுக்கு 218 மி.லி. போய்க்கொண்டிருந்தது. புட்டி காலியாகாமல் எடுக்கக் கூடாது என்று ஆயா உறுதியாக இருந்திருக்கிறார், குழந்தை தலையைத் திருப்பினாலும் காம்பை மறுபடி வாயில் வைத்து முடித்துவிடுவார். அதோடு, மாவைக் கரண்டியில் குவியலாக அள்ளுவார், "கெட்டியா இருந்தா சத்து" என்று.

டாக்டர் மருந்து எதுவும் எழுதவில்லை. டப்பாவில் போட்டிருக்கிறபடி கரண்டியைத் தட்டையாக வழித்து எடுப்பது, ஒரு தடவைக்கு 100 மி.லி. வைத்து 8 தடவை கொடுப்பது, குழந்தை வாயை மூடினால் அதோடு நிறுத்துவது. இவ்வளவுதான். 10 நாள் கழித்து வந்தபோது ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவைதான் கக்கல், எடை 280 கிராம் ஏறியிருந்தது. இங்கே ஒரு எச்சரிக்கை: எடை ஏறாத குழந்தைக்கு இப்படி நீங்களாகப் பாலைக் குறைக்கவே கூடாது. அளவு மிஞ்சியிருக்கிறது என்று கணக்கில் தெரிந்தால் மட்டும்தான் குறைப்பது.

"தாய்ப்பால்தான். கக்குறதால புட்டிப்பாலுக்கு மாத்தச் சொல்றாங்க."

மாற்றாதீர்கள். முதலில் யாராவது தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் பால் கொடுப்பதைப் பார்க்க வேண்டும். மார்பை வாய் நிறையப் பிடிக்காமல் காம்பை மட்டும் பிடித்தால் குழந்தை காற்றையும் சேர்த்து விழுங்கும். பால் வேகமாகப் பீறிட்டு வரும் அம்மாக்களுக்கு, கொஞ்சம் பின்னால் சாய்ந்து குழந்தையை மேலே போட்டுக் கொடுத்தாலே மூச்சு முட்டாமல் குடிக்கும். குடித்தபின் 20, 30 நிமிடம் நிமிர்த்திப் பிடித்திருங்கள்.

ஏப்பம்? மெதுவாகத் தட்டுங்கள், வந்தால் வரட்டும், வராவிட்டால் விடுங்கள். சண்டிகரில் இதையே ஆராய்ந்து பார்த்தார்கள், ஏப்பம் எடுத்துவிட்ட குழந்தைகள்தான் கொஞ்சம் அதிகமாகக் கக்கின. தூங்கிப்போன குழந்தையை முக்கால் மணி நேரம் முதுகில் அடித்துக்கொண்டிருப்பதால் லாபம் ஒன்றுமில்லை.

கக்கலோடு மலத்தில் சளியோ ரத்தக் கீற்றோ, தோலில் சொறியும் இருந்தால் பசும்பால் புரத ஒவ்வாமை மனதில் வர வேண்டும். அப்போது டாக்டர் சொன்னால் அம்மா 2 முதல் 4 வாரம் பால், தயிர், பன்னீர், பால் சேர்ந்த பிஸ்கட் எல்லாவற்றையும் விட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வாமை இருந்தால் அதற்குள் வித்தியாசம் தெரியும். தெரியவில்லை என்றால் பழையபடி சாப்பிடுங்கள், காரணமே இல்லாமல் மாதக்கணக்கில் மோர்கூட இல்லாமல் கிடக்க வேண்டாம்.

"பாலைக் கெட்டியாக்கிக் கொடுத்தா நின்னுடும்னு சொல்றாங்களே, உண்மையா?"

பாதி உண்மை. கெட்டியான பால் கனமாக இருப்பதால் வாய்வரை ஏறி வருவது குறையும், கண்ணுக்குத் தெரியும் கக்கல் குறையும். ஆனால் அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறுவது அதனால் பெரிதாகக் குறைவதில்லை. ஆகவே நன்றாக வளர்ந்துகொண்டு சிரித்துக் கக்கும் குழந்தைக்கு இதைச் செய்தால் மிச்சமாவது துணி சோப்புதான். கக்கல் மிகுந்து குழந்தைக்கு உண்மையிலேயே தொந்தரவு இருக்கிறது, அளவைச் சரிசெய்தும் அடங்கவில்லை என்கிறபோதுதான் டாக்டர்கள் இதைச் சொல்வார்கள், அதுவும் புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கக்கலுக்கென்றே விற்கும் பால்மாவு. அதில் அரிசி மாவுச்சத்தோ, கேரப் மரக்கொட்டையிலிருந்து எடுக்கும் பசையோ ஏற்கெனவே அளவாகச் சேர்த்திருப்பார்கள். மாவுச்சத்து வகை புட்டியில் ஓரளவு நீர்த்தே இருக்கும், இரைப்பை அமிலம் பட்டதும் கெட்டியாகும். அமிலத்தைக் குறைக்கும் மருந்தும் கூடவே போனால் அந்த வகை சரியாக வேலை செய்யாது என்பதை நிறைய பேர் கவனிப்பதில்லை. இன்னொரு வழி, வழக்கமான பால்மாவில் வேகவைத்து உலர்த்திய அரிசி அல்லது ஓட்ஸ் மாவைச் சேர்ப்பது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இந்த இரண்டையுமே நீங்களாகச் செய்யக் கூடாது. பசை வகைக் கெட்டியாக்கிகள் கொடுத்த குறைமாதக் குழந்தைகள் சிலருக்குக் குடல் அழுகும் நோய் வந்ததால் 2011இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கையே விட்டது.

"டாக்டர் மாவு கலக்கச் சொல்லிட்டார். எப்படி, எவ்வளவு?"

அவர் சொன்ன அளவுதான் அளவு. எவ்வளவு சேர்த்தால் என்ன ஆகும் என்று மட்டும் சொல்கிறேன். 30 மி.லி. பால்மாவுக் கரைசலில் சுமார் 20 கலோரி இருக்கிறது. அதில் தட்டையாக 1 டீஸ்பூன் அரிசி மாவு சேர்த்தால் 25 ஆகும். 1 டேபிள்ஸ்பூன் சேர்த்தால் 34. டீஸ்பூன் என்று சொன்னதை வீட்டில் சோற்றுக் கரண்டியால் அளந்தால் குழந்தை ஒரு மாதத்தில் குண்டாகிவிடும், மலமும் இறுகிவிடும். அதனால் மருந்து மூடியோ அளவுக் கரண்டியோ வைத்துக்கொண்டு, சொல்லப்பட்டதில் குறைந்த அளவில் ஆரம்பியுங்கள்.

பால்மாவை வழக்கம்போல் கரைத்துவிட்டு, பிறகு இந்த மாவைச் சேர்த்துக் குலுக்குங்கள். ஒவ்வொரு வேளைக்கும் அப்போதைக்கப்போது கலக்க வேண்டும், வைத்திருந்தால் இறுகிக்கொண்டே போகும். காம்பில் அடைத்தால் ஊசியைச் சுட்டு ஓட்டையைப் பெரிதாக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஓட்டை ஒழுங்கில்லாமல் கிழிந்து, ஒரு வேளை சொட்டும், அடுத்த வேளை கொட்டும், குழந்தைக்குப் புரையேறும். அடுத்த அளவுக் காம்பு கடையில் கிடைக்கும். புட்டியைக் கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், தாரையாக ஊற்றக் கூடாது.

ஓரிரு வாரம் கொடுத்தும் மாற்றம் இல்லை என்றால் டாக்டரிடம் சொல்லி நிறுத்துங்கள். அரிசியில் ஆர்சனிக் கலந்திருக்கும் வாய்ப்பு உண்டு என்பதால் மாதக்கணக்கில் கொடுக்கவேண்டி வந்தால் ஓட்ஸ் தேவலை என்கிறார்கள்.

பிழிந்தெடுத்த தாய்ப்பாலில் மாவு கலக்க நினைப்பவர்கள் கவனியுங்கள்: தாய்ப்பாலிலேயே மாவுச்சத்தைச் செரிக்கும் நொதி இருக்கிறது. கலக்கும்போது கெட்டியாகத் தெரியும், கொஞ்ச நேரத்தில் நீர்த்துவிடும். "இன்னும் ஒரு கரண்டி" என்று போட்டுக்கொண்டே போவார்கள். பயனில்லை.

"4 மாசம்தான் ஆகுது. ராகிக் கஞ்சியோ அரிசிக் கஞ்சித் தண்ணியோ கொடுத்தா கக்கல் நிக்குமா?"

வேண்டாம். கஞ்சித் தண்ணீர் பாலைக் கெட்டியாக்குவதில்லை, பாலின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். கக்கல் குறைந்த மாதிரி இருக்கும், ஏனென்றால் உள்ளே போகும் பாலே குறைந்துவிட்டது. 6 மாதம் முடிந்தபின் ராகி, அரிசி, பருப்பு எல்லாம் தாராளமாகக் கொடுங்கள், அந்த வயதில் கக்கலும் தானாக அடங்கத் தொடங்கியிருக்கும்.

"மெடிக்கல்ல ஒரு சொட்டு மருந்து கொடுத்தாங்க, கொடுக்கலாமா?"

டாக்டர் பார்க்காமல் வேண்டாம். டோம்பெரிடோன் சொட்டு மருந்தை நம் ஊரில் சர்வசாதாரணமாகக் கேட்டு வாங்குகிறார்கள். அது சிலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கலாம், கைக்குழந்தையின் கக்கலுக்கு அதனால் பெரிய பயனும் இல்லை. அமிலத்தைக் குறைக்கும் மருந்து கக்கலை நிறுத்தாது. வருகிற பாலின் புளிப்புதான் குறையும், கூடவே வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடும். உணவுக்குழாய் புண்ணாகியிருக்கிறது என்று டாக்டர் நினைத்தால், குறிப்பிட்ட வாரங்களுக்கு எழுதித் தருவார்.

"தலைமாட்டுல தலையணை வச்சு, குப்புறப் படுக்க வச்சா கக்கலயே."

கக்காது, சரிதான். ஆனால் குப்புறத் தூங்கும் குழந்தைகள் தூக்கத்திலேயே இறந்துபோகும் ஆபத்து கூடுகிறது, அதனால் அந்த யோசனையே கூடாது. மல்லாக்க, சமமான படுக்கையில், தலையணை இல்லாமல். மல்லாக்கப் படுத்தால் கக்கியது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்ற பயம் புரிகிறது, ஆனால் அந்த நிலையில் மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கிறது, பால் மேட்டுக்கு ஏறித்தான் போக வேண்டும். குப்புறப் போடுவதெல்லாம் குழந்தை முழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

"தொக்கம் எடுத்தா சரியாயிடும்னு மாமியார் சொல்றாங்க. குடல் ஏத்தமா இருக்குமோ?"

மாமியாரோடு சண்டை போடச் சொல்லவில்லை. ஆனால் தொக்கம் எடுப்பதிலும் குடல் தட்டுவதிலும் நாட்கள் வீணாவதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு தலைச்சன் ஆண் குழந்தை, பிறந்தபோது 3 கிலோ, 3 வாரத்தில் 3.5. அதுவரை ஒரு தொல்லையும் இல்லை. 4ஆம் வாரம் கக்கல் தொடங்கி, நாளுக்கு நாள் வேகம் கூடி, கடைசியில் கட்டிலைத் தாண்டிப் போய் விழுகிற மாதிரி பீறிட்டது. வாந்தி எடுத்ததும் மறுபடி பசியென்று அழுவான், கொடுத்தால் ஆவலாகக் குடிப்பான், மறுபடி பீறிடும். இரண்டு முறை தொக்கம் எடுத்திருக்கிறார்கள். எங்களிடம் வந்தபோது ஐந்தரை வாரம், எடை 3.2 கிலோ, நாக்கு வறண்டு, அன்று ஒரே ஒரு முறை சிறுநீர்.

இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வாசலில் உள்ள தசை தடித்து வழியை அடைத்திருந்தது. ஸ்கேனில் தெரிந்துவிடும். பிறந்து 2 முதல் 8 வாரத்துக்குள் வரும், தலைச்சன் ஆண் குழந்தைகளுக்கு அதிகம். அறுவைச் சிகிச்சை சின்னதுதான், தடித்த தசையைக் கீறி விடுவார்கள். ஆனால் வாந்தியில் போன உப்புச்சத்தை முதலில் சலைன் ஏற்றிச் சரிசெய்யாமல் மயக்கம் கொடுக்க முடியாது. தாமதமாக வந்ததால் அவனுக்கு அதற்கே இரண்டு நாள் ஆனது. அப்புறம் நன்றாகக் குடித்து எடை ஏறினான்.

தொக்கம் எடுக்கிறோம் என்று ஊதுவதும் வாயில் விரல் விடுவதும் கிருமித்தொற்றையும் காயத்தையும் தரலாம். வசம்பு, உரைமருந்து, தேன் இவையும் வேண்டாம். தேன் ஒரு வயதுவரை கூடவே கூடாது.

"அப்போ எந்த நேரத்துல ஓடணும்?"

பச்சை நிறம். முதலில் இதைத்தான் சொல்வேன். அரைத்த கீரை மாதிரி பச்சையாக, அல்லது பச்சை கலந்த மஞ்சளாக வாந்தி வந்தால் பித்தநீர் வருகிறது என்று அர்த்தம், கீழே குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். முறுக்கிய குடலுக்கு ரத்தம் போகாது, சில மணி நேரத்தில் அழுகிவிடும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம். நள்ளிரவாக இருந்தாலும் 108ஐக் கூப்பிட்டு, குழந்தை அறுவைச் சிகிச்சை நிபுணர் இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள். அந்தத் துணியைத் துவைக்காமல் கையோடு எடுத்துப் போங்கள், நிறத்தை டாக்டர் தன் கண்ணால் பார்ப்பது நல்லது.

ரத்தமோ காப்பித்தூள் மாதிரியோ வந்தாலும் அன்றே போக வேண்டும். ஆனால் அம்மாவின் காம்பு வெடித்து ரத்தம் கசிந்திருக்கிறதா என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள், விழுங்கிய அந்த ரத்தம் திரும்பி வந்து பலரைக் கலங்கடித்திருக்கிறது. 3 மாதத்துக்குள் 100.4 டிகிரி காய்ச்சல், உப்பி இறுகிய வயிறு, உச்சிக்குழி புடைத்திருப்பது, எழுப்பியும் பால் குடிக்க எழாத சோர்வு, கக்கும்போது மூச்சு நின்று நீலம் பாரிப்பது, 8 மணி நேரமாகச் சிறுநீரே இல்லாதது, இவை எல்லாமே அன்றே, அந்த நேரமே.

பீறிட்டடிப்பது ஒரு நாள் ஒரு தடவை என்றால் பதற வேண்டாம், நிறையக் குடித்துவிட்டு ஏப்பத்தோடு வந்திருக்கும். ஒவ்வொரு வேளையும் பீறிட்டால் அன்றே காட்டுங்கள்.

இரவோடு ஓட வேண்டியதில்லை, ஆனால் அந்த வாரத்துக்குள் காட்ட வேண்டியவை: எடை நின்றுபோனது, பாலைப் பார்த்தாலே முதுகை வில்லாக வளைத்து மறுப்பது, குடிக்கும்போதெல்லாம் இருமல், மலத்தில் ரத்தக் கீற்று. அதுவரை கக்காத குழந்தை 6 மாதத்துக்கு மேல் புதிதாகத் தொடங்கினாலும், ஒரு வயது தாண்டியும் நிற்கவில்லை என்றாலும் அது வழக்கமான கக்கல் கணக்கில் வராது. போகும்போது ஒரு வேளைக்கு எத்தனை மி.லி., ஒரு நாளைக்கு எத்தனை வேளை, கக்கியது என்ன நிறம், எத்தனை முறை சிறுநீர் என்று மூன்று நாள் குறித்த தாளும், எடை எழுதிய அட்டையும் கையில் இருக்கட்டும். முடிந்தால் கக்குவதை போனில் வீடியோ எடுத்து வாருங்கள், ஆஸ்பத்திரிக்கு வந்ததும் எந்தக் குழந்தையும் கக்கிக் காட்டுவதில்லை.